வயல் மனையாகும்போது: நிலப் பயன்பாட்டு மாற்றம் பற்றி மனை வாங்குபவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

தமிழ்நாட்டில் மனை வாங்கப் போகிறவர்களுக்காக எழுதியது. வேறு மாநிலத்தில் சட்டமும் அலுவலகமும் வேறு, அங்கே இதை அப்படியே பொருத்திப் பார்க்க வேண்டாம்.

"லேண்ட் கன்வெர்ஷன் முடிஞ்ச இடம் சார்" என்று சொல்கிறார்கள். அது என்ன சான்று, யார் கொடுப்பது?

முதலில் அந்த இடம் எந்த எல்லைக்குள் வருகிறது என்று கேளுங்கள், ஏனென்றால் காகிதமே அதைப் பொறுத்துத்தான் மாறும். சென்னைப் பெருநகரம், மற்ற நகரங்கள், அவற்றைச் சுற்றிய ஊர்கள் என்று பல பகுதிகளுக்கு முழுமைத் திட்டம் (பேச்சில் மாஸ்டர் பிளான்) போட்டிருக்கிறார்கள். அதில் ஒவ்வொரு சர்வே எண்ணும் குடியிருப்பு, வணிகம், தொழில், விவசாயம் என்று ஏதாவது ஒரு பயன்பாட்டில் வைக்கப்பட்டிருக்கும். விவசாயப் பயன்பாடு என்று இருந்தால், 1971ஆம் ஆண்டு நகர் ஊரமைப்புச் சட்டத்தின் 32(4) பிரிவின்படி வகைமாற்றம் செய்து, கிராமம், சர்வே எண், பரப்பு ஆகியவற்றோடு அறிவிப்பு வர வேண்டும். சென்னைப் பெருநகரம் என்றால் சிஎம்டிஏ வழியாகவும், மற்ற இடங்களில் நகர் ஊரமைப்பு இயக்ககம், அதாவது எல்லாரும் டிடிசிபி என்று சொல்கிற அலுவலகம் வழியாகவும் அது நடக்கும்.

முழுமைத் திட்டமே இல்லாத கிராமம் என்றால் வழி வேறு. அதே சட்டத்தின் 47ஏ பிரிவு, அதற்காக 2017இல் வந்த விதிகள், இவற்றின்படி விண்ணப்பம் டிடிசிபியின் மாவட்ட அலுவலகத்துக்குப் போகும். நன்செய் என்றால் மாவட்ட ஆட்சியரின் இசைவும் வேண்டும். வேளாண்மைத் துறையிடம் கருத்துக் கேட்பார்கள், வருவாய்த் துறையிடமும் கேட்பார்கள். கட்டணம் கட்டி எல்லாம் முடிந்த பிறகு வருகிற உத்தரவைத்தான் பேச்சில் கன்வெர்ஷன் சர்டிபிகேட் என்கிறார்கள். பெயர் எதுவாக இருந்தாலும் உத்தரவு எண், தேதி, கிராமம், சர்வே எண்கள், பரப்பு, நிபந்தனைகள் என்று எல்லாம் அதில் இருக்கும். கிராம நிர்வாக அலுவலர் எழுதிக் கொடுத்த ஒரு பக்கச் சான்றைக் காட்டி இதுதான் கன்வெர்ஷன் என்றால் அது இல்லை. "இந்த நிலத்தில் இப்போது பயிர் இல்லை" என்று அவர் சான்று தரலாம், பயன்பாட்டை மாற்றும் அதிகாரம் அவரிடம் கிடையாது.

உத்தரவு இருக்கிறது, ஆனால் பட்டாவில் இன்னும் நன்செய் என்றுதான் வருகிறது. ஏமாற்றுகிறார்களா?

இதை மட்டும் வைத்து அப்படிச் சொல்ல முடியாது. குழப்பம் வருவதற்குக் காரணம், ஒரே நிலத்தை மூன்று அலுவலகங்கள் மூன்று விதமாக எழுதி வைத்திருப்பதுதான். வருவாய்த் துறையின் பட்டா, சிட்டா, அ-பதிவேடு ஆகியவற்றில் நன்செய், புன்செய் என்று இருப்பது தீர்வைக்காக அந்தக் காலத்தில் போட்ட வகை. நகர் ஊரமைப்புத் துறையின் வரைபடத்தில் இருப்பது, அந்த இடத்தில் என்ன செய்யலாம் என்ற அனுமதி. பதிவுத் துறையின் வழிகாட்டி மதிப்புப் பட்டியலில் சதுர அடிக் கணக்கில் மனை என்று இருப்பது முத்திரைத் தீர்வையைக் கணக்கிடுவதற்காக.

ஆக, முழுமைத் திட்டத்தில் குடியிருப்பாக இருக்கிற நிலம் பட்டாவில் நன்செய்யாக இருக்கலாம், அது சகஜம். அதற்கு நேர்மாறானதுதான் ஆபத்து: வழிகாட்டி மதிப்பில் மனை என்று வந்துவிட்டது, பட்டாவிலும் புன்செய்தான், அதனால் வீடு கட்டலாம் என்று விற்பார்கள், முழுமைத் திட்டத்தில் பார்த்தால் விவசாயப் பயன்பாடு என்றே இருக்கும். வீடு கட்ட முடியுமா என்ற கேள்விக்குப் பதில் நகர் ஊரமைப்புக் காகிதத்தில்தான் இருக்கிறது. மற்ற இரண்டும் உரிமையையும் செலவையும் சொல்லும், அனுமதியைச் சொல்லாது.

உத்தரவின் நகலைக் கையில் கொடுத்துவிட்டார்கள். அதில் எதைப் பார்ப்பது?

சர்வே எண்ணையும் பரப்பையும் பாருங்கள். முத்திரை, கையெழுத்து எல்லாம் பார்க்க நன்றாகத்தான் இருக்கும், பிரச்சினை பெரும்பாலும் அங்கே இருக்காது. உண்மையான உத்தரவைக் காட்டி, அதற்குள் வராத நிலத்தை விற்பதுதான் நடக்கிறது.

ஒரு கற்பனைக் கணக்கை எடுத்துக்கொள்வோம். 3 ஏக்கரில் ஒரு மனைப்பிரிவு. வரைபடத்தில் 112/1, 112/2, 113/3 என்று மூன்று சர்வே எண்கள், மொத்தம் 1.21.5 ஹெக்டேர். பயன்பாட்டு மாற்ற உத்தரவில் 112/1, 113/3 இரண்டு மட்டும் இருக்கின்றன, பரப்பு 1.05.0 ஹெக்டேர். மிச்சம் 0.16.5 ஹெக்டேர், அதாவது ஏறக்குறைய 41 சென்ட், நடுவில் கிடக்கிற 112/2. அது வேறொரு குடும்பத்தின் வயலாக இருந்து பிறகு வாங்கிச் சேர்த்ததாக இருக்கலாம், விண்ணப்பம் போட்ட காலத்தில் கையில் இல்லாமல் இருந்திருக்கலாம். விளம்பரத்தில் எல்லாம் ஒரே மனைப்பிரிவுதான், உத்தரவு எண்ணும் ஒன்றுதான். ஆனால் அந்த 41 சென்ட் மேல் விழுகிற மனைகளை வாங்குகிறவருக்கு அந்த உத்தரவால் ஒரு பயனும் இல்லை.

இதைக் கண்டுபிடிக்க நிபுணர் வேண்டாம். உங்களுக்குக் காட்டும் மனை எந்த உட்பிரிவில் விழுகிறது என்று கிரையப் பத்திர வரைவின் சொத்து விவரத்தில் இருக்கும், "சர்வே எண் 112/2 பகுதி" என்பது போல. அந்த எண் உத்தரவில் இருக்கிறதா என்று தேடுங்கள். பிறகு eservices.tn.gov.in தளத்தில் பட்டாவையும் புலப்படத்தையும் எடுத்து, பரப்பைக் கூட்டிப் பாருங்கள். ஹெக்டேரில் இருப்பதை 2.47ஆல் பெருக்கினால் ஏக்கர் வந்துவிடும். இன்னொன்று, உத்தரவில் 112/1 என்று இருந்து இப்போதைய பட்டாவில் 112/1ஏ என்று இருந்தால் பதற வேண்டாம், இடையில் உட்பிரிவு நடந்திருக்கும். பழைய எண்ணிலிருந்து புதிய எண் பிறந்ததற்கான உட்பிரிவு ஆவணத்தைக் கேளுங்கள். கொடுக்க முடியவில்லை என்றால்தான் கவலைப்பட வேண்டும்.

அப்புறம் நிபந்தனைகள். உத்தரவின் கடைசிப் பக்கத்தில் வாய்க்காலை அடைக்கக் கூடாது, பக்கத்து வயலுக்குப் போகும் பாதையைத் தடுக்கக் கூடாது என்ற மாதிரி வரிகள் இருக்கும். நகல் கொடுக்கும்போது அந்தப் பக்கம் விடுபட்டிருந்தால் கேட்டு வாங்குங்கள்.

பயன்பாடு மாறிவிட்டால் மனை பிரித்து விற்க அது போதாதா?

போதாது. அது முதல் படி மட்டும்தான். இந்த நிலத்தைக் குடியிருப்புக்குப் பயன்படுத்தலாம் என்று மட்டும் அது சொல்கிறது, எத்தனை மனை, சாலை எங்கே, பூங்கா எங்கே என்று சொல்வதில்லை. அதற்கு மனைப்பிரிவு ஒப்புதல் தனியாக வாங்க வேண்டும். டிடிசிபி எல்லையில் முதலில் வரைபடத்துக்குத் தொழில்நுட்ப ஒப்புதல் கிடைக்கும். பிறகு சாலையையும் பூங்காவையும் உள்ளாட்சிக்குத் தானப் பத்திரம் எழுதிக் கொடுக்க வேண்டும், அதன்பிறகு உள்ளாட்சி இறுதி ஒப்புதல் தரும். 500 சதுர மீட்டருக்கு மேல் என்றால் விளம்பரம் செய்வதற்கு முன்பே ரேரா பதிவும் வேண்டும்.

விற்பவர்கள் நடுவழியிலேயே நின்றுவிடுவது உண்டு. பயன்பாட்டு மாற்றம் வாங்கிவிட்டு, கல் நட்டு, "அப்ரூவல் வந்துகொண்டிருக்கிறது, இப்போது வாங்கினால் விலை குறைவு" என்பார்கள். ஒப்புதல் வரும்போது வரைபடம் அப்படியே வராது. சாலை அகலப்படலாம், பூங்கா இடம் மாறலாம், உங்களுக்குக் காட்டிய மனையே இல்லாமல் போகலாம்.

"பஞ்சாயத்து அப்ரூவ்ட்" என்று பலகை வைத்திருக்கிறார்கள். அது செல்லாதா?

தொழில்நுட்ப ஒப்புதலுக்குப் பிறகு ஊராட்சி தரும் இறுதி ஒப்புதல் செல்லும். அது இல்லாமல் ஊராட்சித் தலைவர் மட்டும் கையெழுத்துப் போட்ட வரைபடம் மனைப்பிரிவு ஒப்புதல் ஆகாது. பழைய மனைப்பிரிவுகளில் இப்படி நிறைய உண்டு. வரைபடத்தில் டிடிசிபி அல்லது சிஎம்டிஏ ஒப்புதல் எண் இருக்கிறதா, அந்த எண்ணுக்கான கடிதம் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லை என்றால் அது ஒப்புதல் இல்லாத மனை, அதற்கு என்ன பெயர் வைத்தாலும் சரி.

பூங்காவையும் சாலையையும் நான் ஏன் பார்க்க வேண்டும்? எனக்கு என் மனை சரியாக இருந்தால் போதாதா?

உங்கள் மனையே பூங்கா இடத்தில் இருக்கலாம் என்பதால்தான். 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவில், சாலை போக மீதியில் 10 சதவீதத்தைத் திறந்தவெளியாக விட்டு உள்ளாட்சிக்கு இலவசமாக எழுதிக் கொடுக்க வேண்டும். இதைத்தான் ஓஎஸ்ஆர் என்று சொல்கிறார்கள்.

மேலே சொன்ன அதே 3 ஏக்கரைப் பாருங்கள். 300 சென்ட், சென்டுக்கு 435.6 சதுர அடி, மொத்தம் 1,30,680 சதுர அடி. சாலைக்குக் கால் பங்கு போகிறது என்று வைத்துக்கொள்வோம், 32,670. மீதி 98,010. அதில் 10 சதவீதம் பூங்கா, 9,801. விற்கக்கூடியது 88,209 சதுர அடிதான், 1,200 சதுர அடி மனை என்றால் 73 தேறும். விளம்பரத்தில் 1,200 சதுர அடியில் 85 மனை என்று போட்டிருந்தால் 1,02,000 சதுர அடி ஆகிறது, பூங்காவை முழுவதும் விழுங்கியும் போதவில்லை, சாலையையும் கொஞ்சம் தின்றிருக்கிறது. இது தோராயக் கணக்குத்தான், சாலை விகிதம் நிலத்தின் வடிவத்தைப் பொறுத்துக் கூடும் குறையும். ஆனால் வித்தியாசம் இவ்வளவு வந்தால் கட்டாயம் கேட்க வேண்டும்.

தானப் பத்திரம் உண்மையில் எழுதப்பட்டதா என்று வில்லங்கச் சான்றிலேயே பார்க்கலாம். tnreginet.gov.in தளத்தில் உங்கள் மனை எண்ணுக்கு மட்டும் தேடினால் அது வராது, மனைப்பிரிவின் எல்லா சர்வே எண்களுக்கும் தேட வேண்டும். உள்ளாட்சிக்குச் சாலையும் பூங்காவும் போன பதிவு அதில் இருக்கும். அந்தப் பதிவுக்குப் பிறகு அதே பூங்கா இடத்துக்கு ஒரு கிரையம் வந்திருக்கிறதா என்றும் பாருங்கள். சில வருடம் கழித்துப் பூங்காவை இரண்டு மூன்று மனைகளாக்கி விற்பது நடக்கிறது. வாங்கியவர் பூங்காவில் வீடு கட்டியிருப்பார், மற்ற மனைக்காரர்கள் வழக்குப் போட்டால் இழப்பு அவருடையது.

பத்திரப் பதிவு ஆகிவிட்டது என்றால் அரசாங்கமே ஏற்றுக்கொண்டது போலத்தானே?

இல்லை. ஒப்புதல் இல்லாத மனைகளைப் பதிவு செய்யக் கூடாது என்று 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் தடை போட்டது. அதன் தொடர்ச்சியாக அந்த ஆண்டு அக்டோபர் 20 முதல் பதிவுச் சட்டத்தின் 22ஏ பிரிவு நடைமுறைக்கு வந்தது. அதன்படி ஒப்புதல் இல்லாமல் மனையாக்கிய நிலத்தின் பத்திரத்தைச் சார்பதிவாளர் மறுக்க வேண்டும். ஆனால் அதற்கு முன்பே மனையாக ஒருமுறை பதிவான இடத்துக்கு விலக்கு உண்டு, மறுவிற்பனையைப் பதிவு செய்வார்கள். அப்படிப் பதிவான மனைக்கு நீங்கள் உரிமையாளர், அதில் சந்தேகம் இல்லை. கட்டட அனுமதிக்குப் போகும்போதுதான் மனைப்பிரிவு ஒப்புதல் எங்கே, அல்லது வரன்முறை உத்தரவு எங்கே என்று கேட்பார்கள். வங்கியும் அதையேதான் கேட்கும்.

வரன்முறை செய்த மனை வாங்கலாமா?

வாங்கலாம், என்ன வாங்குகிறோம் என்று தெரிந்து வாங்க வேண்டும். 2016 அக்டோபர் 20க்கு முன் உருவான, ஒப்புதல் இல்லாத மனைகளுக்காக 2017இல் வரன்முறை விதிகள் வந்தன. மனைப்பிரிவுக்கு வரன்முறை, தனி மனைக்கு வரன்முறை என்று இரண்டு இருக்கிறது. மனைப்பிரிவுக்குக் கிடைத்திருந்தும் உங்கள் மனைக்கு வாங்காமல் இருக்கலாம், அதனால் உத்தரவில் மனை எண்ணைத் தேடுங்கள். சாலை அகலமும் பூங்காவும் புது மனைப்பிரிவு போல இருக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம், இருந்ததை இருந்தபடி ஏற்றுக்கொண்டதுதான் வரன்முறை. நீர்நிலை, பொதுச்சாலை, புறம்போக்கு ஆகியவற்றில் விழுகிற மனைக்கு அது கிடைக்காது.

"பண்ணை நிலம்", 5 சென்ட், 10 சென்ட் என்று விற்கிறார்கள். விவசாய நிலமாகவே பதிவாகிறது, அப்ரூவல் தேவையே இல்லை என்கிறார்கள். உண்மையா?

விவசாய நிலமாகப் பதிவாகும் என்பது உண்மையாக இருக்கலாம். பொய் அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது, "பிறகு வீடு கட்டிக்கொள்ளலாம்" என்கிற இடத்தில். நீங்கள் வாங்குவது ஒரு புன்செய்த் துண்டு. உங்களுக்கு மட்டும் தனியாகப் பயன்பாட்டு மாற்றம் கேட்டால், பொதுச்சாலையிலிருந்து அந்தத் துண்டுக்கு விதிப்படி அகலமான வழி இருக்கிறதா என்று பார்ப்பார்கள். உள்ளே போட்டிருக்கிற மண் பாதை விற்றவரின் பெயரிலேயே இருக்கும், அல்லது பத்திரத்தில் "வழிப்பாதை பாத்தியம்" என்று ஒரு வரியாக இருக்கும். அங்கேயே நின்றுவிடும்.

வரைவுப் பத்திரத்திலேயே இது தெரிந்துவிடும்: பரப்பு சென்டில், வகை புன்செய், மனை எண் எங்கேயும் இல்லை, ஒப்புதல் எண்ணும் இல்லை, கையில் கொடுத்த வண்ண வரைபடத்தில் மட்டும் மனை எண்களும் சாலையும் பூங்காவும் இருக்கும். உண்மையில் மரம் வைக்க, காய்கறி போட என்று வாங்குகிறீர்கள் என்றால் தாராளமாக வாங்குங்கள், விவசாய நிலத்தின் விலைக்கு. மனை விலை கொடுக்காதீர்கள்.

காகிதம் எல்லாம் சரி. நன்செய்யை மனையாக்கிய இடத்தில் வேறு என்ன பார்க்க வேண்டும்?

தண்ணீர். நன்செய் என்று அந்தக் காலத்தில் எழுதியது ஏரியோ வாய்க்காலோ பாய்ந்ததால்தான், பாசனம் நின்றுவிட்டாலும் பள்ளம் பள்ளமாகவேதான் இருக்கும். புலப்படத்தில் மனைப்பிரிவின் நடுவிலோ ஓரத்திலோ ஒடுங்கலாக நீளும் தனி சர்வே எண் இருந்தால், அதை அ-பதிவேட்டில் பாருங்கள். வாய்க்கால் புறம்போக்கு என்றோ ஓடை என்றோ இருந்தால், நேரில் போய் அந்த இடத்தில் இப்போது என்ன இருக்கிறது என்று பாருங்கள். மண் கொட்டி மூடி மேலே சாலை போட்டிருந்தால் இரண்டு ஆபத்து. ஆக்கிரமிப்பு என்று ஒருநாள் அது எடுக்கப்படும், அதுவரை ஒவ்வொரு ஐப்பசி கார்த்திகையிலும் தண்ணீர் மனைக்குள் நிற்கும். வடகிழக்குப் பருவமழை நேரத்தில் ஒரு தடவை போய்ப் பார்ப்பதுபோல வேறு எந்த விசாரணையும் வராது. அந்தச் சமயத்தில் வாங்கவில்லை என்றால், மேல் பக்கம் பயிர் வைக்கிறவர்களிடம் மழைத்தண்ணீர் எந்தப் பக்கம் வடியும் என்று கேளுங்கள், கையை நீட்டிக் காட்டிவிடுவார்கள்.

எந்த நிலத்தை என்ன மாற்றம் செய்தாலும் வாங்கக் கூடாது?

பஞ்சமி நிலம், கோயில் நிலம், பூதான நிலம், நீர்நிலைப் புறம்போக்கு. இவற்றில் சிக்கல் பயன்பாட்டில் இல்லை, விற்பவருக்கு உங்களுக்கு விற்கும் உரிமையே இருக்காது. பஞ்சமி நிலம் ஒடுக்கப்பட்ட மக்களுக்காக ஆங்கிலேயர் காலத்தில் ஒதுக்கப்பட்டது. அதைப் பட்டியல் சாதியல்லாதவருக்கு விற்றது செல்லாது, எத்தனை கை மாறியிருந்தாலும் சரி. அது அவர்களிடம் திரும்பப் போக வேண்டிய நிலம், அதில் மனை போடுவது அநியாயமும்கூட. இப்போதைய பட்டாவில் சுத்தமாக இருந்தாலும் பழைய அ-பதிவேட்டில் தெரியும், வட்டாட்சியர் அலுவலகத்தில் தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் நகல் கேட்டு வாங்குங்கள்.

டெல்டா மாவட்டத்தில் வேளாண் மண்டலச் சட்டம் வந்துவிட்டதால் மனை போடவே முடியாது என்கிறார்களே?

2020இல் வந்த பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் ஹைட்ரோகார்பன், உருக்காலை, தோல் பதனிடும் ஆலை போன்ற குறிப்பிட்ட தொழில்களைத்தான் தடுக்கிறது. வீட்டுமனை அந்தப் பட்டியலில் இல்லை. ஆனால் நன்செய்க்கு ஆட்சியரின் இசைவு வேண்டும் என்ற விதி அங்கும் உண்டு. ஆகவே தஞ்சை, திருவாரூர் பக்கம் வாங்கும்போது அந்த இசைவுக் கடிதத்தைத் தனியாகக் கேட்டு வாங்குங்கள்.

இன்றைக்கே முன்பணம் கொடுத்தால்தான் இந்த விலை என்கிறார்கள். என்ன செய்வது?

rera.tn.gov.in தளத்தில் மனைப்பிரிவின் பதிவைத் தேடுங்கள், பதிவு எண் விளம்பரத்திலேயே இருக்க வேண்டும். இல்லை என்றால் முன்பணம் வாங்கவே அவர்களுக்கு உரிமை இல்லை, 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவாக இருந்தால். பதிவு இருந்தாலும், பதிவு செய்த விற்பனை ஒப்பந்தம் இல்லாமல் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் வாங்கக் கூடாது. அந்தத் தளத்தில் கிடைக்கும் ஒப்புதல் வரைபடத்தை இறக்கி, உங்களிடம் கொடுத்த வண்ண வரைபடத்தோடு பக்கத்தில் வைத்து, உங்கள் மனை எண், நான்கு பக்க அளவு, முன்னால் இருக்கும் சாலையின் அகலம் மூன்றையும் ஒப்பிடுங்கள். பிறகு பயன்பாட்டு மாற்ற உத்தரவு, ஒப்புதல் கடிதம், தானப் பத்திரம், தாய்ப்பத்திரம், 30 வருட வில்லங்கம் இவற்றின் நகலைக் கேட்டு, அந்த ஊர்ப் பக்கம் வழக்கு நடத்துகிற ஒரு வழக்கறிஞரிடம் கொடுங்கள். ஒரு வாரம் பொறுக்க மாட்டேன் என்கிறவரிடம் பணம் கொடுக்க வேண்டாம்.